பழைய இரும்புக்குப் போடும் முன்

மகாராஜபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும், இறந்துபோனவரின் சைக்கிளை வீட்டுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கும் பெரியவர்களுக்கு,

அந்தச் சைக்கிள் உங்கள் வீட்டில் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்து நிற்கும். அல்லது தென்னமட்டைக் குவியலுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும். அதன் மேல் காலிச் சாக்கு, கிழிந்த தார்ப்பாய், உடைந்த வாளி எல்லாம் ஏறியிருக்கும். டயர் இரண்டும் தரையோடு ஒட்டியிருக்கும். ஒருநாள் பழைய இரும்புக்காரர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். "இதையும் எடுத்துட்டுப் போங்கய்யா" என்று சொல்லிவிடுவீர்கள். அவர் தராசில் ஏற்றுவார். இருபது கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். கையில் கொஞ்சம் காசு வரும்.

நீங்கள் காசுக்காக அதைச் செய்யவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறை பின்பக்கம் போகும்போதும் அது கண்ணில் படுகிறது. பட்டால் அவர் ஞாபகம் வருகிறது. கண்ணில் படாமல் போனால் போதும் என்று நினைக்கிறீர்கள். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த முடிவை நீங்கள் எடுக்கும் நேரத்தில் வீட்டுப் பிள்ளை பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். சாயங்காலம் வந்து பார்க்கும்போது சுவரில் துருக்கறை மட்டும் இருக்கிறது. "எதுக்குடா அது, துருப்பிடிச்சுப் போச்சு" என்கிறீர்கள். அது உண்மைதானா என்று அவன் ஒருமுறை தொட்டுப் பார்க்கக்கூட நீங்கள் இடம் கொடுக்கவில்லை. அதைப் பேசத்தான் இந்த மடல்.

சின்ன வயதில் சைக்கிள் கடையில் வேலை பழகியவன் நான். அதற்குப் பிறகு ராஜபாளையத்தில் மில் ஃபிட்டராக இருந்தேன். இரும்பு எப்போது செத்தது, எப்போது தூங்குகிறது என்று பார்த்துச் சொல்லத் தெரியும். நீங்கள் எடைக்குப் போடுகிற கறுப்புச் சைக்கிள்களில் பெரும்பாலானவை சாகவில்லை.

நம் ஊரில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவர்கள் சம்மதத்தோடு, பெயர் இல்லாமல். பையன் ஒன்பதாம் வகுப்பு. அப்பா தென்னந்தோப்பு வேலைக்குப் போய்வந்தவர். தவறி நான்கு வருஷம் ஆகிறது. அவருடைய சைக்கிள் அத்தனை காலமும் கொட்டகைச் சாய்ப்பில் நின்றது. சித்தப்பா அதை எடைக்குப் போடச் சொல்லிவிட்டார். "இன்னும் ரெண்டு வருஷத்துல பதினொண்ணாவது போனா கவர்மெண்டு சைக்கிள் தரும்ல" என்பது அவர் வாதம். தவறான வாதமும் இல்லை. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம், 2005-06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது. நம் மலையடிவார ஊர்களில் எத்தனையோ பிள்ளைகள் அதில்தான் பள்ளிக்குப் போனார்கள். ஆனால் பையன் கேட்டது ஒரு சைக்கிள் அல்ல. அந்தச் சைக்கிளைக் கேட்டான். ஒரு சனி, ஒரு ஞாயிறு கொடுங்கள் என்றான். ஞாயிறு இருட்டுவதற்குள் ஓடாவிட்டால் எடைக்குப் போட்டுவிடலாம் என்று அவன் அம்மா தீர்ப்புச் சொன்னார். என்னைத் திண்ணையில் உட்காரச் சொன்னார்கள். பையன் கேட்டால் பதில் சொல்வது, கேட்காவிட்டால் ஸ்பானரைத் தொடுவதில்லை என்று பேச்சு.

வெள்ளி இரவே ஒரு வேலை செய்யச் சொன்னேன். மண்ணெண்ணெயில் கொஞ்சம் தையல் மெஷின் எண்ணெயைக் கலந்து, பழைய பிரஷ்ஷால் எல்லா நட்டிலும், சீட்டுத் தண்டு சட்டத்துக்குள் இறங்கும் இடத்திலும், பெடல் கழுத்திலும் விடச் சொன்னேன். துருவுக்குள் எண்ணெய் இறங்க ஒரு ராத்திரி வேண்டும். சைக்கிள் செத்துவிட்டது என்று நீங்கள் நினைப்பதற்கு முக்கியமான காரணம், நட்டு ஒன்றும் அசையவில்லை என்பதுதான். அசையாத நட்டில் ஸ்பானரைப் போட்டு ஒரே மூச்சில் திருகினால் மூலை மழுங்கும், அதற்குப் பிறகு எந்த ஸ்பானரும் பிடிக்காது. எண்ணெய் ஊறிய பிறகு முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு அழுத்த வேண்டும்; துருவின் பிடி விடும்போது சன்னமாக ஒரு 'டக்' கேட்கும். அதன் பிறகு கழற்றும் பக்கம் திருப்ப வேண்டும். சனிக்கிழமை காலையில் அந்த 'டக்' சத்தம் கேட்டதும் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அன்று அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்ததில் பாதி அதுதான்.

ஆனால் எதையும் கழற்றும் முன்னால் சைக்கிள் பிழைக்குமா என்று பார்க்க வேண்டும். இதை உங்களால் செய்ய முடியும், கடைக்காரர் வேண்டாம். துரு மேலே மட்டும் இருக்கிறதா, இரும்பைத் தின்றுவிட்டதா என்பதுதான் கேள்வி. சட்டத்தில் துருப்பிடித்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்தால் கொஞ்ச நேரத்தில் பளிச்சென்று இரும்பு தெரிந்தால் அது மேல்துரு. செதில் செதிலாக உரிந்து, குழியாகப் போய்க்கொண்டே இருந்தால் யோசிக்க வேண்டும். அடுத்து, சட்டத்தை ஸ்பானரால் லேசாகத் தட்டிக் கேளுங்கள். நல்ல குழாய் கணீரென்று சொல்லும். உள்ளே அரித்த குழாய் மந்தமாகச் சொல்லும். கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. சீட்டுத் தண்டு வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் அடியில், பெடல் அச்சு இருக்கும் கூட்டில் போய்த் தேங்கும். அதன் அடிப்பாகம் ஒன்று. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் கழுத்து மற்றொன்று. கழுத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, முன்பக்கக் குழாய்களின் அடியில் பெயிண்டு சுருங்கி மடிந்திருந்தாலோ, எங்கோ பலமாக முட்டியிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சைக்கிளைப் பையனை ஓட்ட விடாதீர்கள். எவ்வளவு ஆசைப்பட்டாலும் விடாதீர்கள். ஓடும்போது ஃபோர்க் ஒடிந்தால் பல்லும் தாடையும் போகும். அப்படிப்பட்ட சைக்கிளில் பெல்லையும் சீட்டையும் அவனுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு மற்றதை எடைக்குப் போடுவது சரிதான்.

இந்தச் சைக்கிளில் சட்டம் கணீரென்றது. ஃபோர்க் நன்றாக இருந்தது. மிக மோசமாக இருந்தது கேரியர். அதற்கும் காரணம் உண்டு. அவன் அப்பா தோப்புக்குப் பொட்டாஷ் மூட்டையைக் கேரியரில் வைத்துத்தான் கொண்டுபோவார். பொட்டாஷ் ஒரு வகை உப்பு. சாக்கிலிருந்து சிந்தி, காற்றின் ஈரத்தை இழுத்து, இரும்பிலேயே உட்கார்ந்துகொள்ளும். மழையைவிட அது வேகமாகத் தின்னும். கேரியரின் கம்பி இரண்டு இடத்தில் பாதியாக மெலிந்திருந்தது. நீங்களும் கொட்டகையில் சைக்கிள் மேல் உரச்சாக்கைப் போட்டு வைத்திருந்தால், இந்த மடலைக் கீழே வைத்துவிட்டு முதலில் போய் அதை எடுத்துவிடுங்கள்.

கழற்றும் வேலையில் பையனைத் தடுத்தவை இரண்டு. ஒன்று இடது பெடல். அது தலைகீழ் மரை. வழக்கமாக எது இறுக்கும் பக்கமோ, அங்கே அது கழலும். தெரியாமல் பலத்தைக் காட்டினால் இறுகிக்கொண்டே போகும். இரண்டாவது, பெடல் கையை அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின். நட்டைக் கழற்றிவிட்டுச் சுத்தியலால் நேரே அடித்தால் பின்னின் தலை நசுங்கிக் காளான்போல் விரிந்துவிடும். பிறகு வெளியே வராது. நட்டை மரையின் நுனிவரை கழற்றி அங்கேயே விட வேண்டும். பெடல் கைக்கு அடியில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டைத் தரையிலிருந்து முட்டுக் கொடுக்க வேண்டும். மேலே ஒரு மரத்துண்டை வைத்து, தயங்காமல் ஒரே அடி. முட்டு இல்லாமல் அடித்தால் அடியெல்லாம் அச்சுக்குள் இருக்கும் குண்டுகளுக்குப் போய், கப்பில் பள்ளம் விழும். பையன் முதலில் பயந்து பயந்து தட்டினான். பயந்து தட்டுகிற பத்து அடியைவிடச் சரியாக முட்டுக் கொடுத்த ஓர் அடி நல்லது என்று மட்டும் சொன்னேன். அடுத்த அடியில் வந்தது.

மத்தியானத்துக்குள் சைக்கிள் சாக்கு விரிப்பின் மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "இதை யாருடா திரும்ப மாட்டுறது" என்றார். இந்தக் கேள்வியைப் பிள்ளையின் காதுபடக் கேட்காதீர்கள் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன். கழற்றிய வரிசையிலேயே எல்லாவற்றையும் அவன் கிண்ணங்களில் போட்டு வைத்திருந்தான். பின்சக்கரக் கிண்ணம், முன்சக்கரக் கிண்ணம், பெடல் அச்சுக் கிண்ணம். அது போதும், திரும்ப மாட்ட முடியும்.

குண்டுகளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு சைக்கிள் லேசாக ஓடுவதும் இழுத்துக்கொண்டு ஓடுவதும் அங்கேதான் இருக்கிறது. பின்சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலக் குண்டு. முன்சக்கரத்தில் அதைவிடச் சிறியது, பக்கத்துக்குப் பத்து. பழைய கிரீஸ் காய்ந்து மெழுகாகிக் குண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவியதும், சில குண்டுகள் கண்ணாடிபோல் இருந்தன, சில மங்கி அம்மைத் தழும்பு விழுந்திருந்தன. நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதற்கு மட்டும் புதிது வாங்கலாமா என்று பையன் கேட்டான். கூடாது. தேய்ந்த குண்டு ஒரு மயிரிழை சின்னதாக இருக்கும். புதுக்குண்டு மட்டும் பாரம் முழுவதையும் சுமந்து சீக்கிரம் உடையும். ஒரு பக்கம் மாற்றினால் அந்தப் பக்கம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். கோனின் மேல் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். நகம் தடுக்கினால் கோனும் போய்விட்டது. இங்கே வழுவழுவென்று ஓடியது.

"இந்தப் பழைய மாடலுக்கு இப்ப ஸ்பேர் கிடைக்காது" என்று நீங்கள் சொல்வீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது சரியில்லை. சென்னை அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து வந்தது. ஹெர்குலிஸ் போன்ற கறுப்புச் சைக்கிள்கள் அந்த ஆங்கில அளவுகளோடுதான் இங்கே இறங்கின. லூதியானாவிலும் சோனிப்பட்டிலும் எழுந்த ஆலைகளும் அதே அளவில்தான் செய்தன. 28க்கு ஒன்றரை டயர், கால் அங்குலக் குண்டு, அரை அங்குலச் செயின் எதுவும் மாறவில்லை. சோனிப்பட்டில் தொடங்கிய அட்லஸ் 2020 ஜூன் 3ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்று, சாகிபாபாத் ஆலையை நிறுத்தியது. அட்லஸ் சைக்கிள் வைத்திருக்கிறவர்கள் அதற்காகச் சங்கடப்பட வேண்டாம். இன்னொரு கம்பெனிக்குச் செய்த பாகமும் அதில் உட்காரும். பையன் சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், வேண்டியதை ஒரே கடையில் வாங்கிக்கொண்டு பொழுது சாயத் திரும்பினான்.

அவன் வாங்கியது இவ்வளவுதான்: இரண்டு டயர், இரண்டு டியூப், ரிம்முக்குள் போடும் நாடா, குண்டுகள், இரண்டு காட்டர் பின், நான்கு பிரேக் கட்டை, ஒரு டப்பா கிரீஸ். ரப்பர் ஓடாமல் நின்றாலும் சாகும். டயரின் பக்கவாட்டில் விரலால் மடக்கினால் வெடிப்பு தெரிகிறதென்றால் காற்றடித்துப் பார்க்கவே வேண்டாம். பிரேக் கட்டையும் அப்படித்தான், கல்லாக இறுகிப்போகும். இரும்பில் வாங்கியவை குண்டும் பின்னும் மட்டுமே. செயினைக்கூட மாற்றவில்லை. செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை அங்குலம். பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துப் பார்த்தால் இருபத்துநான்கு இணைப்பு சரியாகப் பன்னிரண்டு அங்குலம் வர வேண்டும். அதற்கு மேல் அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது, பல்லையும் தின்றுவிடும். இங்கே ஸ்கேலோடு ஒட்டி நின்றது. அவன் அப்பா ஒழுங்காக எண்ணெய் விட்டிருக்கிறார் என்று சொன்னேன். பையன் பதில் சொல்லவில்லை. அந்த ஸ்கேலை இன்னொரு முறை வைத்து அளந்தான்.

துருவை எடுக்க, தயவுசெய்து பாத்ரூம் கழுவும் ஆசிட்டை அவன் கையில் கொடுக்காதீர்கள். துரு போகும், போனபின் ஆசிட்டின் புகை பக்கத்தில் இருக்கிற இரும்பையெல்லாம் துருப்பிடிக்க வைக்கும். விறைப்பான ஸ்பிரிங்கும் ஃபோக்ஸ் கம்பியும் உள்ளுக்குள் முறுகி, பிறகு காரணம் தெரியாமல் ஒடியும். பிள்ளையின் நெஞ்சுக்கும் ஆகாது. நம் வீட்டில் புளி இருக்கிறது. பித்தளைக் குடத்துக்குத் தேய்க்கிற அதே பழம்புளிதான். கெட்டியாகக் கரைத்த புளித்தண்ணீரில் நட்டு, போல்ட்டு, பிரேக் கம்பி, பெல் மூடி எல்லாம் சனி இரவு ஊறின. காலையில் தேய்த்தபோது துரு கறுப்புச் சேறாகக் கழன்று வந்தது. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. புளியிலிருந்து எடுத்த இரும்பைச் சோப்புத்தண்ணீரில் நன்றாகக் கழுவி, வெயிலில் உலர்த்தி, உடனே எண்ணெய் பூச வேண்டும். அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வரும்போது செம்மஞ்சளாக மறுபடியும் துரு பூத்திருக்கும். குண்டு, கோன், செயின் இவற்றைப் புளியில் போடக் கூடாது, மண்ணெண்ணெய்தான்.

பெயிண்டைப் பற்றி உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பையனின் மாமா ஞாயிறு காலையில் ஒரு டின் பச்சைப் பெயிண்டோடு வந்தார். பாசத்தில்தான் வாங்கி வந்தார். முழுச் சைக்கிளையும் புதுசாக்கிவிடலாம் என்றார். பையன் வேண்டாம் என்றான். ஏன் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் சார்பில் நான் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். பார் கம்பியின் மேல், ஹேண்டிலுக்குப் பக்கத்தில், ஒரு சாண் அகலத்துக்குள் இரண்டு பட்டையாக மட்டும் துரு ஏறாத பளபளக் கறுப்பு இருந்தது. அங்கே ஒரு காலத்தில் குழந்தை சீட்டின் பட்டி கட்டியிருந்தது. பையன் பாலர் பள்ளிக்குப் போனது அந்தச் சீட்டில்தான். பட்டி காத்த பெயிண்டு அது. சீட்டுத் தண்டில் ஒரு வளையக் கோடு இருந்தது. அப்பாவின் கால் நீளத்துக்கு நின்ற உயரம் அது. மட்கார்டில் ஒரு வாஷருக்குப் பதில் அவர் கையால் வெட்டிப் போட்ட டியூப் ரப்பர் துண்டு இருந்தது. பச்சை அடித்தால் இவையெல்லாம் ஒரே மத்தியானத்தில் போய்விடும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பெயிண்டைத் துடைத்தால் அழுக்கு போய்ப் பழைய கறுப்பு மேலே வரும். இரும்பு வெளியே தெரிகிற இடத்தில் மட்டும் உப்புத்தாள் போட்டு, ரெட் ஆக்சைடு வைத்து, காய்ந்ததும் கறுப்பு எனாமல் தொட்டால் போதும். துரு நிற்கும், அவருடைய தடயமும் நிற்கும். மாமா அந்தப் பெயிண்டில் கேரியரை மட்டும் அடித்துக் கொடுத்தார். அதுவும் நல்லதே; மெலிந்த இடத்தில் பக்கத்து ஊர் வெல்டர் ஒரு கம்பி வைத்து ஒட்டியிருந்தார், அதை மூட ஏதாவது வேண்டியிருந்தது.

ஞாயிறு பகல் முழுக்க மாட்டும் வேலை. கப்பில் கிரீஸை நிரப்பிக் குண்டுகளை அதில் பதித்து, அச்சைச் செருகி, கோனை விரலால் இறுக்கினான். பின்சக்கரம் கரகரவென்று கனத்துச் சுற்றியது. அதிகம் இறுக்கிவிட்டான். தளர்த்தினான், இப்போது சக்கரம் பக்கவாட்டில் ஆடியது. நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வழியும் இருக்கிறது. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, காற்றடிக்கும் வால்வைப் பக்கவாட்டில் நிறுத்திக் கையை எடுத்துவிட வேண்டும். வால்வின் சின்ன எடைக்கே சக்கரம் தானாகத் திரும்பி, வால்வு கீழே வந்து நிற்க வேண்டும். நின்றால் கோன் சரி. முன்சக்கரத்தில் அதைத் தானாகவே செய்து முடித்தான். பின்சக்கரத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. நான் எழுந்து போய் ஒரு நிமிஷத்தில் செய்துகொடுத்திருக்க முடியும். உட்கார்ந்தே இருந்தேன். நீங்களும் உட்கார்ந்தே இருங்கள். இந்த வேலையில் பெரியவர்களுக்குக் கஷ்டமான பகுதி அதுதான்.

ஃப்ரீவீல் சத்தமே இல்லாமல் சிக்கியிருந்தது. அதைத் திறக்க விடாதீர்கள். உள்ளே கடுகளவு குண்டுகளும் நகமளவு ஸ்பிரிங்கும் தெறித்து ஓடும். திரும்ப அடுக்கப் பழகிய கைக்கே சிரமம். சந்துக்குள் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றி, மறுபடியும் விட்டுச் சுற்றி, கறுப்புத் தண்ணீர் வடியும்வரை செய்தால் போதும். பழைய 'டிக்டிக்டிக்' திரும்ப வரும். வந்தது. அடுப்படியிலிருந்த அவன் அம்மா அந்தச் சத்தம் கேட்டு வெளியே வந்தார். தோப்பிலிருந்து பையனின் அப்பா வீட்டுக்குத் திரும்பும்போது தெருமுனையில் அந்தச் சத்தம்தான் முதலில் கேட்குமாம். அதைச் சொல்லிவிட்டு அங்கேயே நிலைப்படியில் உட்கார்ந்தார்.

பெடலை மாட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே கோட்டில் இல்லை. ஒன்று நேரே இருக்க, மற்றது சாய்ந்து நின்றது. பையன் முகம் விழுந்துவிட்டது. அச்சு வளைந்துவிட்டது என்று நினைத்தான். அச்சுக்கு ஒன்றுமில்லை. காட்டர் பின் இரண்டையும் ஒரே பக்கமாகச் செருகிவிட்டான். ஒரு பக்கத்து நட்டு மேலே பார்த்தால் மறுபக்கத்து நட்டு கீழே பார்க்க வேண்டும். ஒன்றைத் தட்டி எடுத்துத் திருப்பிப் போட்டதும் பெடல்கள் நேராயின. செயினின் பூட்டுக் கிளிப்பையும் அப்படித்தான் கவனிக்க வேண்டும். அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் முள்ளோ கல்லோ பட்டு நடுவழியில் கழன்றுவிடும்.

ஒரு வேலையை அவனிடம் விடவில்லை. பின்சக்கரத்தின் நாற்பது ஃபோக்ஸ் கம்பியில் இரண்டு ஒடிந்திருந்தன. ரிம் ஒரு பக்கம் ஒதுங்கி ஓடியது. கோட்டம் எடுப்பது பழக்கத்தில் வருகிற வேலை. ஒரு கம்பியை இறுக்கினால் அதற்கு எதிர்க்கம்பியும் பேசும். அதைச் சனிக்கிழமையே ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கி வந்திருந்தான். எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்று பிள்ளை அடம் பிடித்தால், இந்த ஒன்றில் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம். பிரேக்கிலும் வேண்டாம். கம்பிப் பிரேக்கின் இரண்டு கட்டையும் ரிம்மை ஒரே நேரத்தில் தொட வேண்டும். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளினால் பின்சக்கரம் மேலே எழும்ப வேண்டும். பின்பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின்சக்கரம் சுற்றாமல் இழுபட வேண்டும். இவை இரண்டையும் நீங்களே செய்து பார்த்த பிறகுதான் அவன் ஏற வேண்டும்.

பொழுது சாய்வதற்கு முன்னால் அவன் ஏறினான். கால் எட்டாததால் சீட்டை அப்பாவின் கோட்டுக்குக் கீழே இறக்கியிருந்தான். தாணிப்பாறைச் சாலையில் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பினான். அமாவாசை இல்லாத நாள், சதுரகிரிக்குப் போகும் வண்டிகள் இல்லை, சாலை காலியாக இருந்தது. திரும்பி வந்து சீட்டு கடினமாக இருக்கிறது என்றான், முன்பிரேக் கிறீச்சிடுகிறது என்றான். அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா பிரேக் கட்டையை உப்புத்தாளில் தேய்த்துக் கொடுத்தார். மறுநாள் பையன் அதில் பள்ளிக்குப் போனான்.

இப்போது உங்களிடம் கேட்பது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு சைக்கிள் இருந்தால், பழைய இரும்புக்காரரிடம் பேசும் முன்னால் அந்த வீட்டுப் பிள்ளையிடம் பேசுங்கள். மகனானாலும் சரி, மகளானாலும் சரி. "இது உனக்கு வேணுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அதையும் மதியுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் அது தேவைப்படாது, அதற்காக அவனைக் கல்நெஞ்சன் என்று சொல்லாதீர்கள். வேண்டும் என்றால் சட்டத்தையும் ஃபோர்க்கையும் நான் சொன்னபடி பார்த்துவிட்டு, ஒரு சனி ஞாயிறு கொடுங்கள். டயருக்கும் டியூப்புக்கும் காசு கொடுங்கள். புதுப் பெயிண்டு வாங்க வேண்டாம். கையில் ஸ்பானரைக் கொடுத்தபின் திரும்பப் பிடுங்க வேண்டாம்.

காட்டர் பின் வரவில்லை, கோன் சேரவில்லை என்றால் என்னிடம் அனுப்புங்கள். மகாராஜபுரத்தில் யாரிடம் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவார்கள். காசு வேண்டாம். பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரட்டும், நீங்களும் கூட வாருங்கள்.

அன்புடன்,
மகாராஜபுரத்திலிருந்து ஒரு பழைய ஃபிட்டர்